இஞ்சி பூண்டு விழுது: எண்ணெயின் வேலை, உப்பின் வேலை

இஞ்சியையும் பூண்டையும் மொத்தமாக அரைத்து பாட்டிலில் அடைத்து வைக்கும் வழக்கம் இன்று பெரும்பாலான வீடுகளுக்கு வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து உரித்துவிட்டால் வாரம் முழுக்கக் குழம்புக்கும் குருமாவுக்கும் கவலையில்லை. நோன்பு மாதம் தொடங்குவதற்கு முன் இஸ்லாமியர் வீடுகளில் இதையே கிலோக் கணக்கில் செய்வார்கள். ஆனால் அரைத்த அன்று வெண்மஞ்சளாக, மூக்கைத் துளைக்கும் வாசத்தோடு இருந்த விழுது, பத்து நாளில் மேலே கறுத்து, மூடியைத் திறந்தால் புளித்த மாவு வாசம் அடிக்கும் நிலைக்கு வந்துவிடுகிறது. எண்ணெய் ஊற்றினோமே, உப்பும் போட்டோமே, பிறகும் ஏன் கெட்டது என்று கேட்காத வீடு குறைவு.

விழுதில் தெரியும் மாற்றங்கள் ஒரே காரணத்தால் வருபவை அல்ல. கறுப்பது ஒரு காரணத்தால், பச்சையாவது வேறொரு காரணத்தால், புளிப்பது மூன்றாவது காரணத்தால். எண்ணெய் முதலாவதைத்தான் தடுக்கும். மூன்றாவதை உப்பும் குளிரும் சேர்ந்துதான் தள்ளிப்போட முடியும். இரண்டாவது நிறத்தோடு நின்றுவிடுகிற மாற்றம், அதனால் கெடுதல் எதுவும் கிடையாது. இந்த வேறுபாடு தெரிந்தால் எதை எவ்வளவு போட வேண்டும் என்பதும், எந்த பாட்டிலைக் குப்பையில் கொட்ட வேண்டும் என்பதும் தெளிவாகிவிடும்.

கறுப்பதிலிருந்து தொடங்கலாம். வெட்டி வைத்த வாழைக்காய் கறுப்பதற்கு என்ன காரணமோ அதுவேதான் இங்கேயும். இஞ்சியின் திசுக்களுக்குள் ஒரு நொதி இருக்கிறது. முழுக் கிழங்காக இருக்கும்வரை அந்த நொதியும் அது வேலை செய்ய வேண்டிய பொருட்களும் தனித்தனி அறைகளில் இருக்கின்றன. மிக்ஸியின் பிளேடு அந்த அறைச் சுவர்களை உடைத்துவிடுகிறது. இரண்டும் கலந்து, காற்றில் உள்ள ஆக்சிஜனும் சேர்ந்தால் பழுப்பு நிறம் உண்டாகிறது. ஆக்சிஜன் கிடைக்காவிட்டால் அந்த நொதியால் ஒன்றும் செய்ய முடியாது. கறுத்த விழுதைக் கரண்டியால் கீறிப் பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும். மேலே அரை விரல் கனத்துக்குப் பழுப்பாக இருக்கும், அதற்குக் கீழே நிறம் மாறாமல் இருக்கும். காற்று எட்டிய ஆழம்வரைதான் கறுத்திருக்கிறது.

எண்ணெயின் வேலை இங்கேதான். அது காற்றுக்கும் விழுதுக்கும் நடுவில் ஒரு மூடியாக நிற்கிறது. ஆனால் அந்த மூடி மூடியிருக்கும்வரைதான் பயன். பலர் அரைக்கும்போது இரண்டு கரண்டி எண்ணெய் விட்டதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். உள்ளே கலந்த எண்ணெய் விழுதை வழவழப்பாக்கும், தண்ணீர் ஊற்றாமல் அரைக்க உதவும். மேற்பரப்பைக் காக்க அது போதாது. பாட்டிலில் நிரப்பிய பிறகு மேலே தனியாக அரை சென்டிமீட்டர் உயரத்துக்கு எண்ணெய் நிற்க வேண்டும். முதல் நாள் கரண்டி விட்டு எடுத்ததும் நடுவில் ஒரு குழி விழுகிறது, எண்ணெய் அந்தக் குழிக்குள் இறங்கிவிடுகிறது, ஓரத்தில் உள்ள விழுது வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது. மறுவாரம் கறுத்திருப்பது அந்த ஓரம்தான். ஒவ்வொரு முறை எடுத்த பிறகும் கரண்டியின் பின்புறத்தால் மட்டமாக அழுத்தி, தேவைப்பட்டால் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு மூடுவதற்குப் பத்து நொடிகூட ஆகாது. விழுது நிறம் மாறாமல் இருப்பதற்கு வேறெந்த உத்தியையும்விட இந்தப் பழக்கமே அதிகம் உதவுகிறது.

எந்த எண்ணெய் என்பதற்கும் ஒரு காரணம் உண்டு. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். ஃப்ரிட்ஜில் அது வெள்ளைக் கட்டியாக மாறி, கரண்டி படும்போது விரிசல் விட்டு உடையும், அந்த விரிசல் வழியே காற்று இறங்கும். நல்லெண்ணெயின் வாசம் பிரியாணிக்கும் குருமாவுக்கும் ஒட்டாது. கடலை எண்ணெய் குளிரில் கொஞ்சம் கலங்கினாலும் பயன்படுத்தலாம். குளிரிலும் திரவமாகவே நின்று, தனி வாசமும் காட்டாத சுத்திகரித்த சூரியகாந்தி எண்ணெய்தான் இந்த வேலைக்கு வசதியானது. எண்ணெயைக் காய்ச்சிச் சூடாக ஊற்றுவது வேண்டாம். சூடு பட்ட பூண்டு பாதி வெந்து, பச்சைக் காரம் போய்விடும்.

பச்சை நிறத்தைப் பற்றி இனிச் சொல்லலாம். அரைத்து ஒன்றிரண்டு நாளில் விழுது இளம்பச்சையாகவோ, சில சமயம் நீலம் கலந்த பச்சையாகவோ மாறுவதைப் பார்த்து, பூஞ்சை பிடித்துவிட்டது என்று கொட்டிவிடுபவர்கள் நிறையப் பேர். இது பூஞ்சை கிடையாது. பூண்டை நசுக்கும்போது காரமும் வாசமும் தருகிற கந்தகச் சேர்மங்கள் உண்டாகின்றன. அவற்றில் சில, பூண்டிலேயே இருக்கும் அமினோ அமிலங்களோடு சேர்ந்து இந்த நிறமிகளை உருவாக்குகின்றன. குளிரூட்டிய கிடங்கில் பல வாரம் இருந்துவிட்டு வரும் பூண்டில் இது அதிகம் நடக்கும், ஏனெனில் குளிரில் இருக்கும்போது அந்த நிறத்துக்கான மூலப்பொருள் பூண்டுக்குள் கூடிக்கொண்டே போகிறது. எலுமிச்சைச் சாறு, வினிகர் போன்ற புளிப்பு சேர்ந்தால் இன்னும் வேகமாகப் பச்சையாகும். வட சீனாவில் குளிர்கால முடிவில் பூண்டை வினிகரில் ஊறவைத்து, நன்றாகப் பச்சையானதும் அந்த நிறத்துக்காகவே விரும்பிச் சாப்பிடுகிறார்கள். லாபா பூண்டு என்று அதற்குப் பெயர்.

ஆக, பச்சையான விழுதைத் தயங்காமல் சமைக்கலாம். நிறம் பிடிக்காதவர்கள் பூண்டை வாங்கி வந்து ஃப்ரிட்ஜில் வைக்காமல், காற்றோட்டமான கூடையில் ஓரிரு வாரம் வெளியே வைத்திருந்து அரைக்கலாம். பச்சை குறையும். முளை கட்டிய பற்களை விலக்குவதும், நடுவில் பச்சைத் தளிர் தெரிந்தால் அதைக் கிள்ளி எறிவதும் உதவும். அரை தேக்கரண்டி மஞ்சள் தூள் சேர்ப்பது பல வீடுகளின் பழைய வழக்கம். மஞ்சள் அந்தப் பச்சையை மறைத்துவிடுகிறது, அவ்வளவுதான். அது விழுதைக் கெடாமல் காக்கும் என்று நம்பி உப்பைக் குறைத்துவிடக் கூடாது.

புளிப்பதுதான் உண்மையான கெடுதலின் தொடக்கம். இஞ்சி மண்ணுக்கடியில் விளைகிறது, பூண்டும் அப்படியே. எவ்வளவு கழுவினாலும் இவற்றின் மேல் பாக்டீரியாக்கள் ஒட்டிக்கொண்டுதான் வருகின்றன. அவற்றில் லாக்டிக் அமிலத்தை உண்டாக்கும் வகைகள் முக்கியமானவை. இட்லி மாவைப் புளிக்க வைக்கும் கூட்டத்தைச் சேர்ந்தவை அவை. பூண்டுக்குக் கிருமிகளைக் கொல்லும் சக்தி இருக்கிறதே, அதை மீறி எப்படி வளர்கின்றன என்று தோன்றலாம். அந்தச் சக்தியைத் தரும் அல்லிசின் என்ற பொருள் பூண்டை நசுக்கியதும் உண்டாகி, அப்போதிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைந்துபோகிறது. காரம் குறையக் குறைய பாக்டீரியாவின் கை ஓங்குகிறது. அவற்றுக்கு ஆக்சிஜன் தேவையில்லை என்பதால் மேலே நிற்கும் எண்ணெய் அவற்றை ஒன்றும் செய்வதில்லை.

இங்கே உப்பின் அளவு பெரிய வேறுபாட்டை உண்டாக்குகிறது. சுவைக்காக ஒரு சிட்டிகை, அரை தேக்கரண்டி என்று போடும் உப்பால் பாதுகாப்பு எதுவும் கிடைப்பதில்லை. காய்கறியை வேண்டுமென்றே புளிக்க வைப்பவர்கள் அதன் எடையில் நூற்றுக்கு இரண்டு, இரண்டரை பங்கு உப்பு சேர்க்கிறார்கள். முட்டைக்கோஸ் ஊறுகாய்க்கு ஐரோப்பாவில் இதுதான் அளவு. அந்த அளவு உப்பு மற்ற கிருமிகளை அடக்கி, புளிக்க வைக்கும் பாக்டீரியாவுக்கு வழிவிடுகிறது. இஞ்சி பூண்டு விழுதுக்கு அந்த அளவு போதாது. உரித்த இஞ்சி பூண்டு 100 கிராமுக்கு 4 கிராம் உப்பு என்று வைத்துக்கொள்வது நல்ல கணக்கு.

ஏன் 4 கிராம்? கிருமிக்கு முக்கியம் விழுதின் மொத்த எடை இல்லை, அதில் இருக்கும் நீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்பதே. கால் கிலோ இஞ்சியில் ஏறக்குறைய 200 கிராம் தண்ணீர். கால் கிலோ பூண்டில் 150 கிராமுக்குச் சற்று மேல். இரண்டும் சேர்ந்து 355 கிராம் என்று கொள்ளலாம். அதில் 20 கிராம் உப்பு கரைந்தால், அந்த உப்புநீரில் உப்பின் பங்கு நூற்றுக்கு ஐந்தைத் தாண்டுகிறது. அரைக்கும்போது அரை டம்ளர் தண்ணீர் ஊற்றிவிட்டால் அதே 20 கிராம் நூற்றுக்கு நான்குக்கு இறங்கிவிடும். தண்ணீர் சேர்க்காதே என்று பெரியவர்கள் சொல்வதன் கணக்கு இதுதான். இந்த ஐந்து என்ற எண்ணுக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது, அது சற்றுக் கவலைக்குரியது.

1985-ல் கனடாவின் வான்கூவர் நகரில் ஓர் உணவகத்தில் சாப்பிட்ட 36 பேர் பொட்டுலிசம் என்ற நோயால் பாதிக்கப்பட்டார்கள். பார்வை இரட்டையாகத் தெரிவது, நாக்குக் குழறுவது, விழுங்க முடியாமல் போவது, பிறகு மூச்சுத் தசைகளே செயலிழப்பது என்று போகும் நோய் இது. காரணத்தைத் தேடியபோது, எண்ணெயில் போட்ட நறுக்கிய பூண்டு பாட்டில்தான் அகப்பட்டது. குளிரில் வைக்க வேண்டிய அந்த பாட்டிலை வெளியிலேயே வைத்திருந்தார்கள். 1989-ல் நியூயார்க் மாநிலத்தின் கிங்ஸ்டனில் மூன்று பேருக்கு இதேபோல எண்ணெய்ப் பூண்டால் அதே நோய் வந்தது. அதன் பிறகு, கடையில் விற்கும் எண்ணெய்ப் பூண்டில் புளிப்பு சேர்த்தே ஆக வேண்டும், குளிரை மட்டும் நம்பக் கூடாது என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் உத்தரவிட்டது.

இந்த நோயைக் கொண்டுவரும் க்ளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற பாக்டீரியாவின் வித்துகள் மண்ணில் சாதாரணமாக இருப்பவை. அவை முளைத்து நஞ்சு உண்டாக்க மூன்று நிபந்தனைகள்: காற்று இருக்கக் கூடாது, புளிப்பு குறைவாக இருக்க வேண்டும், வெதுவெதுப்பு வேண்டும். பூண்டு புளிப்பில்லாத பொருள். மேலே எண்ணெய் ஊற்றினால் காற்றும் இல்லை. கறுக்காமல் காக்கும் அதே எண்ணெய், இந்தக் கிருமிக்கு ஏற்ற அறையையும் கட்டித் தருகிறது. மீதமிருப்பது வெதுவெதுப்பு ஒன்றுதான், அதை மறுக்க ஃப்ரிட்ஜ் வேண்டும். எண்ணெய் ஊற்றியிருக்கிறோம், உப்பும் இருக்கிறது, சமையல் மேடையிலேயே இருக்கட்டும் என்று வைப்பதுதான் இதில் செய்யக்கூடிய மிகப் பெரிய தவறு. எண்ணெயில் ஊறும் மாங்காய் ஊறுகாய் வெளியில் மாதக்கணக்கில் நிற்கிறதே என்று ஒப்பிடவும் முடியாது. மாங்காய் தானே புளிப்பு, உப்பும் பல மடங்கு.

இந்தக் கிருமியில் இரண்டு வகை உண்டு. ஒரு வகை 10 டிகிரிக்குக் கீழே வளராது, ஆகவே ஒழுங்காக ஓடும் ஃப்ரிட்ஜே அதற்குப் போதும். இன்னொரு வகை 3 டிகிரி வரை மெல்ல மெல்ல வளரக்கூடியது. நீரில் நூற்றுக்கு ஐந்து பங்கு உப்பு இருந்தால் இந்த இரண்டாவது வகை வளர்வதில்லை. மேலே பார்த்த 4 கிராம் கணக்கு அந்தக் கோட்டைத் தொடுகிறது. ஆனால் முதல் வகையை உப்பால் மட்டும் நிறுத்த நூற்றுக்குப் பத்து வேண்டும், அவ்வளவு போட்டால் குழம்பைச் சாப்பிட முடியாது. குளிரும் உப்பும் ஒன்றையொன்று தாங்கிப் பிடிக்கின்றன, எதையும் தனியாக விட முடியாது. கோடையில் பல மணி நேரம் மின்சாரம் போய், ஃப்ரிட்ஜில் உள்ள பால் வெதுவெதுப்பாகிவிட்ட நாளில் விழுது பாட்டிலையும் சேர்த்தே எறிந்துவிட வேண்டும் என்பது இதனால்தான்.

ஆறுதலான செய்தி ஒன்று உண்டு. அந்த நஞ்சு சூட்டைத் தாங்காது, நன்றாகக் கொதிக்கவிட்டால் சிதைந்துவிடும். நம் சமையலில் விழுது வதங்கி, பிறகு குழம்பில் கொதிக்கிறது. ஆனால் அதே விழுதைச் சட்னியிலோ, தயிர்ப் பச்சடியிலோ, சாலட்டிலோ பச்சையாகக் கலந்தால் அந்தக் காப்பு கிடைக்காது. பச்சையாகச் சேர்க்க வேண்டிய இடத்தில் அன்றைக்குத் தட்டிய பூண்டையே போட வேண்டும்.

இனி அரை கிலோ விழுதை முழுதாகச் செய்து பார்க்கலாம். நான்கு பேர் உள்ள வீட்டில், ஒரு முறைக்கு இரண்டு மேசைக்கரண்டி, வாரம் நான்கு நாள் என்று கொண்டால் இது நான்கு வாரத்துக்கு மேல் வரும்.

தோலும் சீவலும் போகும் என்பதால் இஞ்சியும் பூண்டும் தலா 300 கிராம் வாங்கினால் உரித்தபின் 250 கிராம் கிடைக்கும். இஞ்சியை உடைத்தால் நார் லேசாகத் தெரிய வேண்டும். மிக இளசான இஞ்சியில் தண்ணீர் அதிகம், விழுது நீர்த்துப்போகும். மிக முற்றியதில் நார் பிளேடில் சுற்றிக்கொள்ளும். இஞ்சியைக் கால் மணி நேரம் தண்ணீரில் போட்டு, கணுக்களை உடைத்து இடுக்கில் இருக்கும் மண்ணை விரலால் தேய்த்துக் கழுவ வேண்டும். அந்த இடுக்கு மண்ணில்தான் முன்னே சொன்ன வித்துகள் இருக்கும், ஆகவே அவசரப்படக் கூடாது. பிறகு கரண்டி விளிம்பால் தோலைச் சுரண்டி எடுக்கலாம். பூண்டு எளிதில் உரிய வேண்டும் என்று வெந்நீரில் ஊறவைப்பவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் அந்த ஈரம் முழுதும் போக வேண்டும். ஊறவைக்காமல், பற்களைப் பிரித்து அரை மணி நேரம் வெயிலில் போட்டாலும் தோல் கழன்றுகொள்ளும்.

உரித்ததை உலர்ந்த பருத்தித் துணியில் பரப்பி, மின்விசிறிக்கு அடியில் அரை மணி நேரமாவது காய விட வேண்டும். கையால் தொட்டால் ஈரம் ஒட்டக் கூடாது. இஞ்சியை நாருக்குக் குறுக்காக மெல்லிய வட்டங்களாக நறுக்கினால் அரைபடுவது எளிது. மிக்ஸி ஜாரை முந்தின நாளே கழுவிக் கவிழ்த்து வைத்திருப்பது நல்லது. பிளேடுக்குக் கீழே நிற்கும் தண்ணீர் துணியால் துடைத்தாலும் போவதில்லை.

முதலில் இஞ்சி, உப்பு, நான்கு மேசைக்கரண்டி எண்ணெய். இஞ்சியின் சாறே அரைபட உதவும். இஞ்சி பாதி மசிந்ததும் பூண்டைப் போட வேண்டும். தொடர்ந்து ஓட்டாமல் விட்டுவிட்டு ஓட்டினால் ஜார் சூடேறாது. சூடேறினால் நிறமும் வாசமும் அங்கேயே குறையத் தொடங்கும். உப்பைத் தராசில் 20 கிராம் நிறுப்பது நல்லது. தராசு இல்லாவிட்டால், தலை தட்டிய ஒரு மேசைக்கரண்டி தூள் உப்பும் அரை தேக்கரண்டியும் ஏறக்குறைய அந்த அளவு வரும். கல்லுப்பைக் கரண்டியால் அளக்கக் கூடாது. கற்களுக்கு நடுவே இடைவெளி இருப்பதால் எடை குறைந்துவிடும், பொடித்துவிட்டு அளக்க வேண்டும். உப்பை அரைத்து முடித்தபின் மேலாகத் தூவிக் கிளறினால் எல்லா இடத்திலும் ஒரே அளவு போய்ச் சேராது, அதனால்தான் தொடக்கத்திலேயே போடுவது. புளிப்பு சேர்க்க விரும்புபவர்கள் இரண்டு மேசைக்கரண்டி வினிகர் விடலாம். அது இஞ்சி கறுப்பதை மெதுவாக்கும், பூண்டைப் பச்சையாக்கவும் கூடும். அந்த அளவு வினிகரை நம்பி விழுதை வெளியில் வைக்க முடியாது. கடை விழுதில் சிட்ரிக் அமிலமோ அசிட்டிக் அமிலமோ சேர்ப்பவர்கள், புளிப்பு தேவையான அளவு வந்துவிட்டதா என்று கருவி வைத்து அளந்து பார்க்கிறார்கள். வீட்டில் அதற்கு வழியில்லை.

நிரப்பக் கண்ணாடி பாட்டில்தான் சிறந்தது. பிளாஸ்டிக் டப்பா பூண்டு வாசத்தைப் பிடித்துக்கொண்டு விடாது, அலுமினியமும் செம்பும் விழுதின் நிறத்தைக் கெடுக்கும். பாட்டிலையும் மூடியையும் கழுவி, கண்ணாடியைப் பத்து நிமிடம் கொதிநீரில் போட்டு எடுத்து, வெயிலில் ஈரமே இல்லாமல் காய வைக்க வேண்டும். ஒரே பெரிய பாட்டிலில் அரை கிலோவையும் அடைத்தால், கடைசிக் கரண்டி எடுக்கும்வரை அது பல முறை திறக்கப்படும். கால் கிலோ பிடிக்கும் பாட்டில் ஒன்றை ஃப்ரிட்ஜுக்கு வைத்துக்கொண்டு, மீதியை ஃப்ரீசருக்கு அனுப்புவது நல்ல ஏற்பாடு. நிரப்பும்போது ஒவ்வொரு கரண்டிக்கும் பாட்டிலை மேசைமேல் மெல்லத் தட்டினால் நடுவில் சிக்கிய காற்று மேலே வந்துவிடும். மேலே ஒரு விரல் இடம் விட்டு, மட்டமாக அழுத்தி, அரை சென்டிமீட்டர் எண்ணெய் ஊற்றி மூட வேண்டும்.

பாட்டிலுக்கு ஃப்ரிட்ஜின் கதவு ஏற்ற இடமில்லை. திறந்து மூடும்போதெல்லாம் அங்கே சூடு ஏறி இறங்கும். நடுத் தட்டில் பின்பக்கம்தான் 4 டிகிரிக்கு அருகில் நிலையாக இருக்கும் இடம். மூடியில் தேதி எழுதி ஒட்டுவதும் அவசியம்.

எத்தனை நாள் தாங்கும்? உப்பும் புளிப்பும் இல்லாத வீட்டு எண்ணெய்ப் பூண்டை ஃப்ரிட்ஜிலேகூட நான்கு நாளிலிருந்து ஒரு வாரத்துக்கு மேல் வைக்காதீர்கள் என்பதுதான் வட அமெரிக்காவின் உணவுப் பாதுகாப்பு அறிவுரை. அளந்து உப்புப் போட்டு, தண்ணீர் சேர்க்காமல், குளிர் விட்டுப்போகாமல் காத்த விழுது நிறமும் மணமும் மாறாமல் இரண்டு மூன்று வாரம் நிற்கிறது. இதில் ஃப்ரிட்ஜ் பாட்டிலை இரண்டு வாரத்தில் தீர்த்துவிடுவது நிதானமான முடிவு. ஒரு மாதம், இரண்டு மாதம் என்று ஃப்ரிட்ஜில் இழுப்பவர்களுக்கு எதுவும் ஆகாமல் போயிருக்கலாம், அதை விதியாகச் சொல்ல முடியாது.

கெட்டதை எப்படிக் கண்டுகொள்வது? மேலே மட்டும் பழுப்பாகி, வாசம் காரமாகவே இருந்தால் அந்தப் படலத்தைச் சுரண்டிவிட்டுப் பயன்படுத்தலாம். பச்சைக்குப் பயமே வேண்டாம். அடிவரை கறுத்து, காரவாசம் போய் மந்தமாக இருந்தால் அதில் சமைத்துப் பயனில்லை. மூடியைத் திறக்கும்போது புஸ்ஸென்று காற்று வந்தாலோ, மூடி மேலே உப்பியிருந்தாலோ, பாட்டிலின் பக்கவாட்டில் குமிழிகள் தெரிந்தாலோ கவனிக்க வேண்டும். அரைக்கும்போது சிக்கிய காற்றுக் குமிழி இருந்த இடத்திலேயே நிற்கும். புதிதாக உண்டாகி மேலே ஏறும் குமிழி, உள்ளே பாக்டீரியா வேலை செய்வதன் அடையாளம். புளித்த வாசம், நூல்போல் இழுக்கும் பிசுபிசுப்பு, பஞ்சு போன்ற பூஞ்சை, இவற்றில் எது இருந்தாலும் பாட்டில் முழுதையும் கொட்டிவிட வேண்டும். மேலே எடுத்துவிட்டு அடியைப் பயன்படுத்துவது, ஒரு துளி நாக்கில் வைத்துப் பார்ப்பது இரண்டும் கூடாது. பொட்டுலிசத்தின் நஞ்சுக்கு எந்த வாசமோ நிறமோ தேவையில்லை. ஆகவே வெளியில் மறந்து வைத்து ஓர் இரவு கழிந்த பாட்டில், பார்க்க எவ்வளவு அழகாக இருந்தாலும், கெட்டதாகவே எண்ணிக் கொட்ட வேண்டியதுதான்.

புளிப்பு சீக்கிரம் வரும் வீடுகளில் பெரும்பாலும் காரணம் ஈரக் கரண்டி. குழம்பைக் கிளறிய கரண்டியையே கழுவி உதறிவிட்டு பாட்டிலுக்குள் விடுவது வழக்கமாகிவிடுகிறது. அதில் வரும் ஒரு துளி நீர், எண்ணெய்க்கு அடியில் உப்பு குறைந்த சிறு தீவாக நின்றுவிடுகிறது. அந்த இடத்தில் உப்பின் பிடி தளர்ந்துவிடும். இந்த பாட்டிலுக்கென்றே ஒரு சிறிய எவர்சில்வர் கரண்டியை உலர்ந்த இடத்தில் தனியாக வைத்துக்கொண்டால் இது தீரும்.

இந்த விழுதைச் சேர்க்கும் நாளில் குழம்பின் உப்பைக் கொஞ்சம் பிடித்துப் போட வேண்டும். ஒரு மேசைக்கரண்டி விழுதில் ஏறக்குறைய அரை கிராம் உப்பு இருக்கிறது. ஒரு கிலோ கறிக்கு நான்கு மேசைக்கரண்டி போட்டால் இரண்டு கிராம் உப்பு விழுது வழியாகவே வந்துவிடும்.

ஃப்ரீசருக்கு அனுப்பிய மீதியை ஐஸ் தட்டின் குழிகளில் நிரப்பி, உறைந்ததும் கட்டிகளை எடுத்து மூடியுள்ள டப்பாவில் போட்டு வைக்கலாம். ஒரு குழி பெரும்பாலும் ஒரு மேசைக்கரண்டி அளவே இருக்கும் என்பதால் அளப்பதும் எளிது. பூண்டு வாசம் ஏறிய தட்டு பிறகு ஐஸுக்கு உதவாது, இதற்கென்று ஒன்றை ஒதுக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு தட்டையான உறையில் விழுதை மெல்லிய பலகையாகப் பரப்பி, கத்தியின் முதுகால் கட்டம் கட்டமாகக் கோடு அழுத்தி உறைய வைக்கலாம். உப்பும் எண்ணெயும் இருப்பதால் இது கல்லாக இறுகாது, வேண்டிய கட்டத்தைக் கையால் ஒடித்துக்கொள்ள முடியும். உறைந்த நிலையில் எந்தப் பாக்டீரியாவும் வளராது, இரண்டு மூன்று மாதம் வைத்திருந்தாலும் மணம் மட்டும்தான் சற்றுக் குறையும். கட்டியை வெளியில் வைத்து உருக்க வேண்டியதில்லை. வெங்காயம் வதங்கி நிறம் மாறியதும் அடுப்பைத் தணித்துவிட்டு உறைந்த கட்டியை அப்படியே வாணலியில் போட்டால், நீர் தெறிப்பது குறையும். அரை நிமிடத்தில் கட்டி உருகி, எண்ணெய் பிரிந்து, பச்சை வாசம் போகத் தொடங்கிவிடும்.